முடி வேறு, தலைத்தோல் வேறு: சுருட்டை முடிக்காரிகளுக்கு ஓர் அத்தை சொல்வது

என் அண்ணன் மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தில் முடியை நேராக்கும் வேலையை விட்டுவிட்டாள். நல்ல காரியம். ஆனால் சுருட்டையை வளர்க்கப் போய்த் தலையெல்லாம் புண்ணாக்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்து நின்றாள். அவளுக்குச் சொன்னதைத் தன் அறைத் தோழிகளுக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். முப்பது வருஷம் பார்லர் நடத்தியவள் நான். எனக்கும் சுருட்டை முடிதான். நீங்கள் மூன்று பேரும் எனக்கு மருமகள்கள் மாதிரி என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

1. பெயரைப் பார்த்து மயங்காதே. கோ-வாஷ் என்றால் ஷாம்பூவை விட்டுவிட்டுக் கண்டிஷனரைத் தேய்த்தே தலைக்குக் குளிப்பது. லோ-பூ என்றால் நுரை குறைந்த, மென்மையான ஷாம்பூ. நோ-பூ என்றால் ஷாம்பூவே இல்லை. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, “சுருட்டை முடிக்காரி தலையில் பூவே வைக்கக் கூடாதா?” என்று வருத்தப்பட்டுக் கேட்டாள். பூ தாராளமாக வைக்கலாம், முடி காய்ந்திருந்தால்.

அமெரிக்காவில் முடியை நேராக்கும் ரசாயனத்தை விட்டு இயல்பான சுருளுக்குத் திரும்பிய கறுப்பினப் பெண்கள் வளர்த்தெடுத்த பழக்கங்களில் கோ-வாஷும் ஒன்று. 2001இல் நியூயார்க்கின் லொரெய்ன் மாஸ்ஸி ‘கர்லி கேர்ள்’ என்ற புத்தகத்தில் ஷாம்பூ வேண்டாம் என்று எழுதினார். அதன்பின் இது எல்லாச் சுருட்டை முடிக்காரர்களுக்கும் ஒரு வேதம் போல ஆகிவிட்டது. நெருக்கமான சுருள், வறண்ட காற்று, குளிர் மாதங்களில் வியர்வையே இல்லாத தலை என்றால் அந்தப் பழக்கம் ஒத்துப்போகும். பெருங்குடியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மே மாதத்தில் ஸ்கூட்டர் ஓட்டும் தலைக்கு அதை அப்படியே தூக்கி வைத்ததில்தான் கோளாறு.

2. முடி வேறு, தலைத்தோல் வேறு. இதை மட்டும் விளங்கிக்கொண்டால் மீதியை நீயே யூகித்துவிடலாம். தலைத்தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முடி சுருண்டிருக்கிறது என்பதற்காக அவை குறைவாகச் சுரப்பதில்லை. நேரான முடியில் அந்த எண்ணெய் வேரிலிருந்து நுனி வரை சுலபமாக இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு தடை. அதனால் எண்ணெய் வேரிலேயே தேங்கும், நுனி காய்ந்து கிடக்கும். போதாததற்கு, வளைவுகளில் முடியின் மேல்செதில்கள் சற்றுத் தூக்கி நிற்பதால் ஈரமும் சீக்கிரம் போய்விடும்.

ஆக, ஒரே தலையில் எண்ணெய் வழியும் இடமும் வறண்ட இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கோ-வாஷ் வறண்ட இடத்துக்கு ஏற்றது. எண்ணெய் தேங்கும் இடத்துக்கும் அதுவே போதும் என்று நினைக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

3. கண்டிஷனர் எப்படி அழுக்கெடுக்கிறது, எங்கே தோற்கிறது என்று தெரிந்துகொள். கண்டிஷனரில் பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றுக்கு நேர்மின்னூட்டம், நனைந்த முடிக்கு எதிர்மின்னூட்டம். அதனால் அவை முடியில் போய் ஒட்டிக்கொண்டு வழவழப்பைக் கொடுக்கின்றன. கொஞ்சம் எண்ணெயையும் தூசியையும் தளர்த்தி நீரோடு அனுப்பவும் செய்கின்றன. வியர்வை உப்பு, தெருத் தூசி, நேற்று தடவிய ஜெல் இவையெல்லாம் பெரும்பாலும் போய்விடும். ஒரு வாரத்துத் தலைத்தோல் எண்ணெய் போகாது. சீரத்தில் இருக்கும் டைமெத்திக்கோன் போன்ற, தண்ணீரில் கரையாத சிலிக்கோனும் போகாது. மேலும், கண்டிஷனர் படிவதற்கென்றே செய்த பொருள். கழுவுவதற்கு அதையே எடுத்தால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிட்டுப் போகும்.

4. கோ-வாஷ் செய்தால் ஒழுங்காகச் செய். பார்லரில் நான் பார்த்த பெண்களில் பாதிப்பேர் கண்டிஷனரைத் தடவி, இரண்டு நிமிஷம் பாட்டுக் கேட்டு, அலசிவிட்டு வந்தவர்கள். அதற்குப் பெயர் குளியல் இல்லை, பூச்சு.

முதலில் தலையை வேர் வரை நன்றாக நனை. அடர்ந்த சுருட்டை முடி தண்ணீரை உள்ளே விடாது. கையால் பிரித்துப் பிரித்து இரண்டு நிமிஷமாவது ஊற்ற வேண்டும். பிறகு நான்கு பகுதியாக வகிடு எடு. தோள் வரை உள்ள முடிக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி அளவு கண்டிஷனர் தேவைப்படும். இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் விரல் வழுக்காது, சிக்குதான் விழும். அது கெட்டியான மாஸ்க்காகவோ, ஷியா பட்டர் குழைத்த க்ரீமாகவோ இருக்கக் கூடாது. சாய்த்தால் ஓடுகிற, சிலிக்கோன் இல்லாத, இலேசான கண்டிஷனராக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வகிட்டிலும் விரல் நுனிச் சதையால், நகம் படாமல், தோலை அசைத்துத் தேய். மொத்தம் நான்கைந்து நிமிஷம். நுரை இல்லாத குளியலில் அழுக்கை எடுப்பது முக்கால்வாசி உன் விரல்தான். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கை போகிறதா என்று பார். அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதன்பின் நீளத்துக்கு இழுத்துவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடு. சுருட்டை முடிக்குச் சீப்புப் போடவேண்டிய நேரம் இது ஒன்றுதான்.

அலசுவதற்குத் தேய்த்த நேரத்தைப்போல இன்னொரு மடங்கு வேண்டும். நுனியில் கொஞ்சம் வழவழப்பு மிச்சமிருந்தால் பரவாயில்லை. வேரில் விரலை வைத்தால் வழுக்கவே கூடாது.

5. ‘சல்ஃபேட் இல்லை’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பதைப் படிக்காதே, பின்பக்கத்தைப் படி. சேர்பொருள்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தி இருக்கும். தண்ணீருக்கு அடுத்து வரும் இரண்டு மூன்று பெயர்கள்தான் அந்தக் குப்பியின் குணம். கோக்கமிடோப்ரொப்பில் பீட்டெய்ன், டெசில் குளுக்கோசைட், கோக்கோ குளுக்கோசைட், சோடியம் கோக்கோயில் ஐசெத்தியோனேட் இவை மென்மையானவை. இவை முன்னால் நிற்கிற ஷாம்பூதான் உண்மையான லோ-பூ. சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட் முன்னால் நின்றால் அது வலுவான ஷாம்பூ. சோடியம் சி14-16 ஓலெஃபின் சல்ஃபோனேட் என்று ஒன்று உண்டு. பெயரில் சல்ஃபேட் இல்லாததால் அதை ‘சல்ஃபேட் இல்லாத’ குப்பியில் போடுகிறார்கள். எண்ணெயை எடுப்பதில் அது சல்ஃபேட்டுக்குச் சளைத்ததில்லை.

வலுவானது என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. உன் மாதிரித் தலைக்கு வாரத்தில் ஒரு தடவை லோ-பூ தவறாமல் வேண்டும். கோ-வாஷ் இரண்டு குளியலுக்கு நடுவில் வருகிற இடைவேளைச் சாப்பாடு.

குறைந்த நுரை என்பது நமக்கு அமெரிக்கா சொல்லிக்கொடுத்ததும் இல்லை. சீயக்காயில் இருக்கும் சப்போனின் தருவது மெலிந்த நுரைதான். கொங்குப் பக்கம் அரப்பு இலைத்தூளைக் குழைத்துத் தேய்த்தால் அந்த நுரையும் இருக்காது, வழவழப்பு மட்டும் இருக்கும். வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்த பாட்டிக்குக் கண்டிஷனர் என்ற சொல் தெரியாது, வேலை தெரியும். ஆனால் ஒன்று: சீயக்காய்த் தூளைச் சுருட்டை முடியில் நேரடியாகத் தேய்த்தால் திப்பி சுருளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்கிறேன் என்று சீவி முடியை அறுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். காயைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள். தடவிய எண்ணெயையும் முடியின் எண்ணெயையும் சீயக்காய் நன்றாகவே எடுத்துவிடும் என்பதால், அடிக்கடி போட்டால் சுருட்டை முடி சொரசொரத்துப் போகும். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மென்மை என்று பொருள் இல்லை.

6. தலைத்தோல் ஷாம்பூ கேட்கும்போது காது கொடு. அது கேட்கும் விதம் தெரிந்துகொள்.

நான் பார்லரில் முதலில் செய்வது நகச் சோதனை. உச்சியில் ஓரிடத்தில் வகிடு எடுத்து, சுட்டு விரல் நகத்தால் மெல்ல, தோல் கீறாமல், ஒரு முறை வழித்துப் பார். நகத்துக்கு அடியில் ஒன்றும் வரவில்லை, அல்லது இலேசான ஈரம் மட்டும் என்றால் தலைத்தோல் நன்றாக இருக்கிறது. சாம்பல் வெள்ளையில் மெழுகு மாதிரி உருண்டு வந்தால் கண்டிஷனரும் எண்ணெயும் கலந்து படிந்திருக்கின்றன. மஞ்சள் சாயலோடு பிசுபிசுப்பான செதில் வந்தால் அது பொடுகுப் பக்கம் போய்விட்டது.

மற்ற அறிகுறிகள் சொல்கிறேன். குளித்த அன்று மாலையே உச்சி அரித்தால் ஷாம்பூ தேவை. வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடை நீளத்துக்கு முடி தட்டையாகப் படிந்து, அதற்குக் கீழே மட்டும் சுருள் விழுந்தால் ஷாம்பூ தேவை. தலையணை உறையில் பழைய எண்ணெய் வாடை வந்தால் தேவை. தண்ணீர் ஊற்றும்போது முடி நனையாமல் துளி துளியாக உருண்டு ஓடினால், முடி மேலே ஏதோ போர்த்தியிருக்கிறது, அப்போதும் தேவை. இவற்றில் ஒன்று இருந்தாலே அடுத்த குளியலைக் கோ-வாஷாகச் செய்யாதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘ஷாம்பூ விட்ட புதிதில் தலை இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளும், எண்ணெய் சுரப்பதே குறைந்துவிடும்’ என்று சொல்வார்கள். எண்ணெய்ச் சுரப்பியை நடத்துவது உடம்புக்குள் ஓடும் ஹார்மோன். நீ மேலே எதைத் தேய்க்கிறாய் என்று அது பார்ப்பதில்லை. ஈரப்பசைக்கு முடி ஒன்றிரண்டு வாரத்தில் பழகும், அது உண்மை. அரிக்கிற தோல் பழகாது.

7. இனி, என் அண்ணன் மகளின் கதை. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவள் இருந்த விடுதியில் போர் தண்ணீர். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் என்று அவளே சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கோ-வாஷ். அதுவும் பட்டர் போட்ட கெட்டி மாஸ்க்கால். ‘வறட்சிக்கு நல்லது’ என்று சனிக்கிழமை இரவு உச்சியிலிருந்து தேங்காய் எண்ணெய். வேலைக்குக் கிளம்பும்போது நுனிக்குச் சிலிக்கோன் சீரம். இப்படிப் பத்து வாரம், ஒரு தடவை கூட ஷாம்பூ இல்லை.

முதல் மூன்று வாரம் சுருள் அழகாக விழுந்ததாம். படமெல்லாம் காட்டினாள், உண்மைதான். ஐந்தாவது வாரத்தில் வேர் படிந்துபோனது. அதை வறட்சி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தாள். ஏழாவது வாரத்தில் அரிப்பு. ஒன்பதாவது வாரத்தில் கறுப்புத் துப்பட்டாவில் செதில். ஊருக்கு வந்தபோது நான் நகத்தால் வழித்தேன். உச்சியில் மெழுகு, காதுக்குப் பின்னாலும் முன்நெற்றி ஓரத்திலும் மஞ்சள் செதில், அதற்குக் கீழே தோல் சிவந்திருந்தது. இரண்டு கோளாறு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

ஒரு கோளாறு படிவு. அதை அன்றைக்கே எடுத்தோம். நீளத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டு, சோடியம் லாரெத் சல்ஃபேட்டும் இடிடிஏவும் உள்ள சாதாரண கிளாரிஃபையிங் ஷாம்பூவால் தலைத்தோலை இரண்டு முறை கழுவினோம். முதல் முறை நுரையே வரவில்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்தது. இரண்டாம் முறை நுரை பொங்கியது. பிறகு நுனிக்கு மட்டும் கண்டிஷனர். அன்றிரவு அரிப்பு பாதியாகக் குறைந்தது. வெறும் படிவாக மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான்காம் நாள் காதுக்குப் பின்னால் செதில் திரும்பவும் வந்தது. அப்போதுதான் இரண்டாவது கோளாறு பொடுகு என்று உறுதியாயிற்று. மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலைத்தோலிலும் குடியிருக்கிறது. கொழுப்புதான் அதன் தீனி. தலை எண்ணெயைத் தின்று அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவந்து செதில் செதிலாக உதிர்கிறது. இவள் பத்து வாரமாக அதற்கு விருந்து வைத்திருக்கிறாள்: கழுவாத எண்ணெய், அதன்மேல் தேங்காய் எண்ணெய், அதன்மேல் பட்டர். பொடுகு வறட்சியால் வருகிறது என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். அதனால்தான் பொடுகைப் பார்த்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிறோம்.

தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். 2 சதவிகிதக் கீட்டோகொனசோல் ஷாம்பூ எழுதினார். வாரம் இரண்டு முறை, தலைத்தோலில் தடவி ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும், நான்கு வாரம். ஐந்து நிமிஷம் என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. தடவியதும் கழுவினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும். உச்சிக்கு எண்ணெய் நிறுத்தம். மருந்து ஷாம்பூ சுருளை வறட்டும் என்பதால், தேய்ப்பதற்கு முன் நீளத்துக்குக் கண்டிஷனரைப் பூசி ஒதுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஞாயிறும் புதனும் மருந்து. வெள்ளிக்கிழமை முடி முரண்டு பிடித்தால் நீளத்துக்கு மட்டும் கோ-வாஷ், தலைத்தோலைத் தொடாமல்.

மூன்றாவது வாரம் அரிப்பு நின்றது. நான்கு வாரம் முடிந்ததும் இப்போதைய அட்டவணைக்கு வந்தாள்: ஞாயிறு பீட்டெய்ன் ஷாம்பூ, புதன் அதே ஷாம்பூ கொஞ்சமாக, வெள்ளி தேவைப்பட்டால் கோ-வாஷ், மாதம் ஒரு தடவை இடிடிஏ ஷாம்பூ. பொடுகு போனாலும் திரும்பி வருகிற விருந்தாளி என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஷாம்பூவை மருத்துவர் தொடரச் சொல்லியிருக்கிறார். சுருள் கெட்டுப்போகவில்லை. வேர் தூக்கி நிற்பதால் முன்னைவிட அடர்த்தியாகத்தான் தெரிகிறது.

8. ஷாம்பூ போடும் நாளில் சுருளைக் காப்பாற்றுவது கஷ்டம் இல்லை. குளிப்பதற்கு அரைமணி முன் நீளத்துக்கும் நுனிக்கும் தேங்காய் எண்ணெய் தடவு. அது மூடநம்பிக்கை இல்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். முடிக்குள் புகுகிற எண்ணெய் அது. முடிக்கு நல்லது, பொடுகுத் தலைத்தோலுக்கு வேண்டாம். இரண்டாவது அறிவுரையை இங்கே மறுபடி படித்துக்கொள்.

ஷாம்பூவைக் கையில் எடுத்து அப்படியே உச்சியில் அப்பாதே. ஒரு மக்கில் கால்வாசித் தண்ணீர் எடுத்து, இரண்டு தேக்கரண்டி ஷாம்பூவைக் கலக்கி, வகிடு வகிடாக ஊற்றித் தேய். அடர்த்தியான முடிக்குள் ஒரே சீராக இறங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நீளத்தைத் தேய்க்கவே வேண்டாம். வேரிலிருந்து வழிந்து இறங்கும் நுரை போதும். முடியை உச்சியில் குவித்துவைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்குகிறாயே, சுருட்டை முடி சிக்குவிழுவது அதனால்தான், ஷாம்பூவால் இல்லை.

முதல் முறை நுரை வரவில்லை என்றால் ஷாம்பூவைக் குறை சொல்லாதே, இன்னும் கொட்டவும் செய்யாதே. எண்ணெய் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அலசிவிட்டு, பாதி அளவு எடுத்து இரண்டாம் முறை தேய். நுரை எழும்பினால் தலைத்தோல் சுத்தம்.

9. உப்புத் தண்ணீரை ஷாம்பூவின் குற்றமாக எண்ணிவிடாதே. போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படியும். முடி மங்கும், விறைக்கும், சுருள் கட்டையாக விழும். இதை வறட்சி என்று நினைத்துக் கண்டிஷனரைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கண்டிஷனரால் உப்பை எடுக்க முடியாது. மாதம் ஒரு தடவை இடிடிஏ அல்லது ஃபைட்டிக் அமிலம் பட்டியலில் சற்று முன்னாலேயே வரும் ஷாம்பூ எடுக்கும். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மக் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள். மழை பெய்யும் மாதத்தில் வாசலில் ஒரு பக்கெட்டை வைத்தால் அதுவும் தேவையில்லை.

10. ஈரத் தலையைக் கட்டாதே. அடர்ந்த சுருட்டை முடி காய நான்கைந்து மணி நேரம் கூட ஆகும். அதற்குள் கொண்டை போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனால் தலைத்தோல் நாள் முழுக்கப் புழுங்கும். காலையில் அவசரம் என்றால் முந்தின மாலை குளி. வேரை மட்டுமாவது மிதமான சூட்டில் டிரையரால் காயவை. மல்லிகைச் சரமும் காய்ந்த பிறகுதான்.

11. உதிர்ந்த முடியைப் பார்த்துப் பயந்து ஷாம்பூவை நிறுத்தாதே. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது இயல்பு. நேர்முடிக்காரிக்கு அது தரையில் விழுந்துவிடும். உனக்குச் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, நான்கு நாள் கழித்துக் குளிக்கும்போது கொத்தாக வரும். அந்தக் கொத்தை ஷாம்பூ கணக்கில் எழுதாதே. வகிடு அகலமாகிறது, தலைமுடி வளையத்தை முன்னைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றவேண்டி இருக்கிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

12. எப்போது மருத்துவரிடம் போவது என்று கேட்பாய். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பொடுகு என்று முடிவுகட்டாமல் முதலில் பிரித்துப் பார். முடியில் ஒட்டிக்கொண்டு, விரலால் நசுக்கினால் பசைபோல் இழுபடுவது கண்டிஷனர் மிச்சம்; ஒருமுறை நன்றாக ஷாம்பூ போட்டால் ஒரு வாரத்துக்குத் தலைகாட்டாது. முடியில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு இழுத்தாலும் நகராதது ஈர். அதற்குப் பேன் சீப்பு. தோலிலிருந்து உதிர்ந்து, ஷாம்பூ போட்ட மூன்று நான்கு நாளில் அரிப்போடு திரும்பி வருவது பொடுகு.

மருந்து ஷாம்பூவை நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார். தடித்த வெள்ளித் தகடு போலச் செதில் வந்து நெற்றி ஓரத்தைத் தாண்டினால், சீழ்க்கட்டி வந்தால், முடி வட்டமாகக் கொட்டினால் நான்கு வாரம் கூடக் காத்திருக்காதே. வீட்டில் சின்னக் குழந்தைக்கு முடி ஒடிந்து வட்டமாகத் திட்டு விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உள்ளுக்கு மருந்து வேண்டும், எந்த ஷாம்பூவும் தனியாகப் போதாது. அந்தக் குழந்தையின் சீப்பையும் துண்டையும் வீட்டில் மற்றவர்கள் எடுக்கவும் கூடாது.

மருத்துவரிடம் போகும் அன்று எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போகாதே. செதிலை மறைத்துவிட்டால் அவர் எதைப் பார்ப்பார்? தலைக்குப் போடும் எல்லாக் குப்பிகளின் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள். ‘ஆர்கானிக்’ என்று எழுதிய அந்த எண்ணெயையும் சேர்த்துத்தான்.